நிலவை எடுத்துவிட்டு எதை வைப்பது?

குறுந்தொகைப் புலவர்களில் சிலருக்கு இயற்பெயர் தெரியாது. பாட்டில் அவர்கள் கையாண்ட உவமையே பெயராகிவிட்டது. செம்புலப்பெயல்நீரார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார், ஓரேருழவனார் என்று இவர்களைச் சொல்கிறோம். செம்மண்ணில் விழுந்த மழைநீர், குப்பைமேட்டில் சண்டை போடும் கோழி, தூண்டில், ஒற்றை ஏர் என்று ஊரில் எல்லோரும் பார்த்த பொருள்களையே இவர்கள் எடுத்தார்கள். ஆனால் இன்ன உணர்ச்சிக்கு இன்ன பொருள் என்று பொருத்தியது இவர்கள் கைவேலை. நிலவைக் காதலிக்கு உவமையாக்கி அப்படி ஒரு பெயர் வாங்க முடியாது. அது யாருடையதும் இல்லை.

பழகிப்போன படிமத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வரியின் கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'கண்ணீர்க்' என்றதும் அவர் 'கடல்' என்று முடித்துவிட்டால் அந்த வரி ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் தரவில்லை.

ஒரு வரைவை வைத்துப் பார்ப்போம். எழுதியவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். காதல் முறிந்துவிட்டது. இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்:

நிலவே, நீ இல்லாத வானம் நான்.
உடைந்த கண்ணாடியாய் என் இதயம்.
கண்ணீர்க் கடலில் தத்தளிக்கிறேன்,
முள்ளாய்க் குத்துகிறது உன் நினைவு.

நான்கு வரியில் ஐந்து படிமம். வானத்தில் ஆரம்பித்துக் கண்ணாடிக்கு வந்து, கடலில் விழுந்து, முள்ளில் முடிகிறது. எழுதியவரின் வலி பொய்யில்லை. ஆனால் இதை வங்கி ஊழியரும் எழுதியிருக்கலாம், கல்லூரி மாணவியும் எழுதியிருக்கலாம். அந்தப் பெண் யார், என்ன நடந்தது என்பதற்கு ஒரு தடயமும் இதில் இல்லை.

இங்கே பலரும் செய்வது, நிலவுக்குப் பதில் இன்னொரு சொல்லைத் தேடுவது. 'ஹேங் ஆன செல்போனாய் என் இதயம்' என்று மாற்றுவார்கள். புதுப்பொருள் வந்துவிட்டது, வரியின் சட்டகம் அப்படியே இருக்கிறது. செல்போன் ஹேங் ஆனால் அணைத்துப் போட்டதும் சரியாகிவிடும். இவருடைய நிலைமை அப்படியா? இன்னொரு கூட்டம் காலி நாற்காலி, ஆறிப்போன டீ, ஒருவருக்காகச் சொல்லாமல் பழக்கத்தில் சொல்லிவிட்ட இரண்டாவது டம்ளர் என்று போகும். கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள்தாம். ஆனால் புதுக்கவிதையில் பிரிவு என்றாலே இவை வந்து நிற்பதால், இவையும் நிலவின் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டன.

ஆகவே முதல் வேலை, படிமத்தை மாற்றுவதல்ல. அதை அடித்துவிட்டு நடந்ததை உரைநடையில் எழுதுவது. நம் இளைஞர் இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: 'அவள் நம்பரை போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் மனப்பாடமாக இருக்கிறது. வேலையில் கவனம் இல்லை. இன்றைக்கு என் லைனில் நிறைய பீஸ் ஆல்டருக்குத் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தேன்.'

கவிதை இந்த ஐந்து வாக்கியத்துக்குள் இருக்கிறது. 'இதயம் உடைந்தது' என்று சொல்லும்போது அவருக்கு உண்மையில் நடந்தது உடைதல் இல்லை. உடைந்தால் துண்டுகள் கிடக்கும். இங்கே ஒன்றை நீக்கிவிட்டார், நீக்கியது போகவில்லை. அந்தச் செயலை முதலில் தெளிவாகச் சொல்லிக்கொண்டால்தான் அதற்கேற்ற பொருளைத் தேட முடியும்.

தேடும்போது தொல்காப்பியம் கைகொடுக்கும். உவமை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அதன் உவமவியல் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செய்கை, அதனால் விளைவது, வடிவம், நிறம். நிலவு முகம் வடிவத்திலும் நிறத்திலும் நின்றுவிடுகிறது. குறுந்தொகையின் ஒற்றை ஏர் உழவனோ வினையால் வந்தவன். ஈரம் காய்வதற்குள் நிலத்தை உழுது முடிக்க வேண்டும், இருப்பதோ ஒரே ஏர். காதலியைப் பார்க்கப் போகிறவனின் மனம் அந்த அவசரத்தில் பறக்கிறது. உழவனும் காதலனும் பார்வைக்கு ஒத்தவர்கள் இல்லை. அவர்களுடைய தவிப்பு ஒன்று. உணர்ச்சியை எழுதும்போது முதலில் வினையில் தேடுவது இதனால்தான் பலன் தரும்.

இளைஞரின் கையில் அன்றைக்கு இருந்த வினை, தையல் பிரிப்பது. ஓவர்லாக் தையலில் ஊசி நூலின் நுனியைப் பிடித்து உருவிவிட்டால் மற்ற நூல்கள் தாமாகக் கழன்றுவிடும். நூல் போன பிறகும் துணியில் ஊசி இறங்கிய துளைகள் வரிசையாகத் தெரியும். நீக்கியாயிற்று, தடம் போகவில்லை: வினை பொருந்துகிறது. துளைகளின் வரிசையும் போன் நம்பரின் பத்து இலக்கமும் வடிவத்தில்கூட ஒத்துப்போகின்றன. வரைவு இப்படி மாறலாம்:

ஆல்டருக்கு வந்த பீஸ்.
நுனி கிடைத்ததும் உருவினேன்,
தோள் தையல் மொத்தமும்
கையோடு வந்தது.
துணியில் ஊசித் துளைகள்
வரிசை கலையாமல்.
உன் நம்பரை அழித்துவிட்டேன்.
பத்து இலக்கமும் வாயில் நிற்கிறது.

இதில் 'போல', 'ஆய்' என்ற உருபு ஒன்றுகூட இல்லை. இரண்டு செயல்களைப் பக்கத்தில் வைத்ததோடு எழுதியவர் நிறுத்திக்கொண்டார். ஒப்பிடும் வேலையை வாசகர் செய்துகொள்வார். கடைசியில் 'என் மனமும் அப்படித்தான்' என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் பழைய இதயம் பின்வாசல் வழியாக வந்துவிடும். ஐந்து படிமம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது என்பதையும் பாருங்கள். இதனுடன் முள்ளையும் வைத்திருந்தால், வாசகர் துளையைப் பார்ப்பதா முள்ளைப் பார்ப்பதா என்று தடுமாறுவார்.

அப்படியானால் கவிதையில் நிலவே வரக்கூடாதா? வரலாம், அது அங்கே ஒரு வேலை செய்ய வேண்டும். இரவில் வலை போடப் போகிற மீனவருக்கு முழுநிலவு வெளிச்சத்தில் பாடு குறையலாம். அவர் வீட்டுக் கவிதையில் பௌர்ணமி வந்தால் அது அழகுக்கு வந்த நிலவல்ல, கடன் தவணையோடு சேர்ந்து வந்த நிலவு. 'இதை எடுத்துவிட்டால் கவிதையில் நடப்பது மாறுமா?' என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால் எடுத்துவிடலாம்.

தொழிலிலிருந்து வரும் படிமத்துக்கு ஒரு சிக்கலும் உண்டு. 'ஆல்டர்' என்றால் பிழை திருத்தத் திரும்பி வந்த துணி என்பது திருப்பூருக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அதற்காக அடிக்குறிப்பு போட வேண்டாம், சொல்லையும் மாற்ற வேண்டாம். நுனி, உருவுதல், தோள் தையல், ஊசித் துளை என்று அடுத்தடுத்த வரிகள் எல்லோருக்கும் தெரிந்த சொற்களில் செயலைக் காட்டிவிடுகின்றன. தெரியாத சொல் ஒன்று இருந்தால் அதைச் சுற்றியிருப்பவை தெரிந்தவையாக இருக்கட்டும். தையல் மிஷினைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கவிதையைக் கொடுத்து, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். தைத்ததைப் பிரித்தான், துளை நின்றுவிட்டது என்று அவர் சொன்னால் போதும். 'ஆல்டர்' அப்படியே இருக்கலாம்.