செவலையின் ஈறு வெளுத்தபோது

செவலை எங்களை விட்டுப் போய் இன்றோடு 16 நாள். மனிதருக்கு என்றால் காரியம் முடித்து, விளக்கேற்றி, ஒருவழியாக மனதைத் தேற்றியிருப்போம். அவனுக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு கை சோற்றைப் பிசைந்து வாசல் வரை கொண்டுபோய்விட்டு, அப்புறம்தான் நினைவு வந்து நிற்கிறாள்.

ஆறு வயது. 20 கிலோ எடை. தறிச் சத்தம் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கரண்ட் போய்த் தறி நின்றால் எழுந்து உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்ப்பான். அவனைக் கொண்டுபோனது உண்ணிக் காய்ச்சல். அது வந்து பத்து மாதமாக அவன் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நாய் வளர்க்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் நிறுத்திய மாத்திரை

போன சித்திரையில் செவலை மூன்று நாள் சாப்பிடவில்லை. உடம்பு கொதித்தது. கண்ணில் பீளை கட்டியது. காது மடலைத் திருப்பினால் உள்ளே உண்ணிகள் ஆமணக்கு விதை மாதிரி ஊதிப் போய் ஒட்டியிருந்தன. மருத்துவர் பார்த்துவிட்டு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினார். கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் அவனுக்கு ஒரு நாளைக்கு 200. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, 28 நாள். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம், பாலோடும் வேண்டாம், மாத்திரை தொண்டையில் தங்கிப் புண்ணாக்காதபடி பின்னாலேயே கொஞ்சம் சோறும் தண்ணீரும் கொடுங்கள் என்று நிதானமாகச் சொன்னார்.

மூன்றாம் நாளே எழுந்துவிட்டான். அஞ்சாம் நாள் தெருவில் ஆட்டுக்குட்டிகளை விரட்டினான். ஒன்பதாம் நாள், 'நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு இத்தனை மாத்திரை' என்று நிறுத்தியது நான்தான். அம்மா ஒரு தடவை கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

அந்த இடத்தில்தான் இந்த நோய் நம்மை ஏமாற்றுகிறது. எர்லிக்கியா என்ற நுண்கிருமி உண்ணியின் எச்சில் வழியாக நாயின் இரத்தத்துக்குள் போய் வெள்ளணுக்களுக்குள் குடியேறுகிறது. கடித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அது தானாகத் தணிவதும் உண்டு, அரைகுறை மருந்தில் தணிவதும் உண்டு. தணிந்த பிறகு மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில், வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. நாய் சாப்பிடும், ஓடும், குரைக்கும். சில நாய்கள் அதிலேயே கிருமியை வென்றும்விடுகின்றன. வெல்ல முடியாத நாய்க்கு அது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கிறது. இரத்தம் ஊறுகிற இடமே வற்றிப்போகிறது. 28 நாள் என்ற கணக்கு காய்ச்சலுக்கானது இல்லை, ஒளிந்திருக்கும் கிருமிக்கானது. மாத்திரை முடிந்த பிறகும் ஒரு தடவை இரத்தத்தில் தட்டணுக்களை எண்ணிப் பார்த்தால்தான் நிம்மதியாக இருக்கலாம்.

இது புது நோயும் இல்லை. தென்னிந்திய நாய்களில் இது இருப்பது 1944-லேயே இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இன்றுவரை தடுப்பூசி கிடையாது. வெறிநாய்க்கடி ஊசி தவறாமல் போட்டிருக்கிறோம் என்று நாங்கள் நம்பியிருந்தது இதற்கு உதவவில்லை.

மூக்கில் கசிந்த இரத்தம்

தை கடைசியில் ஒரு காலை, அவன் படுத்திருந்த சாக்கில் இரண்டு சொட்டு இரத்தம். மூக்கில் ஒரு பக்கம் கசிந்து காய்ந்திருந்தது. வேலிமுள் கீறியிருக்கும் என்று நினைத்தேன். சீமைக்கருவேலம் புதருக்குள் புகுந்து வருகிறவன்தானே. அடுத்த நாளும் கசிந்தது. மகள்தான் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஈறெல்லாம் வெள்ளையா இருக்கு" என்றாள்.

நல்ல உடம்புள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். செவலையின் ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. மல்லாக்கப் போட்டு அடிவயிற்றைப் பார்த்தால் குண்டூசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. கொசுக்கடி என்றால் தடித்திருக்கும். இது தோலுக்கு அடியில் கசிந்த இரத்தம். நாய்க்கு இரண்டு லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணுக்கள் அவனுக்கு 18 ஆயிரம்தான் இருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவன் முனகியபோது வீட்டிலிருந்த வலி மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நமக்கான வலி மாத்திரைகளில் பல, நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. தட்டணு குறைந்த நாய்க்கு உள்ளே இரத்தப்போக்கையே உண்டாக்கிவிடும்.

திரும்பவும் டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். ஆனால் மஜ்ஜை வற்றிய பிறகு கிருமி செத்தாலும் இரத்தம் ஊறுவதில்லை. இரத்தம் ஏற்றுவதற்குத் திருநெல்வேலி போகலாமா என்று கேட்டேன். அவ்வளவு தூரம் தாங்க மாட்டான் என்றார் மருத்துவர். பதினொன்றாம் நாள் விடிகாலை, தறி ஓட ஆரம்பித்த நேரத்தில், என் மகள் மடியில் தலை வைத்தபடி போனான்.

உண்ணி இருக்கும் இடம்

நாயின் மேல் நாம் பார்க்கிற உண்ணிகள் கொஞ்சம்தான். நம் வீடுகளில் நாயைப் பற்றுவது பழுப்பு நாய் உண்ணி. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில், நிலைக்கதவின் இடுக்கில், கூரைச் சந்தில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை மட்டும் குளிப்பாட்டினால் அடுத்த வாரம் மறுபடி உண்ணி ஏறுவது இதனால்தான். கரிசல் மண் வீடு காய்ந்து வெடிக்கிற பங்குனி, சித்திரையில் எங்கள் சுவரெல்லாம் அதற்குத் தோதாகிவிடுகிறது. இடுக்குகளைச் சாந்து வைத்து அடைப்பது, நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுவது, மருத்துவர் தரும் உண்ணி மருந்தை நாயின் எடைக்கு ஏற்பத் தவறாமல் கொடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் பலன்.

மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். கையால் நசுக்குவதும் கூடாது, மனிதருக்குக் காய்ச்சல் தரும் வேறு கிருமிகளும் அதில் இருக்கலாம்.

"ஒரு நாய்க்கா இப்படி?"

இந்தக் கேள்வியைப் பதினாறு நாளில் பல பேர் கேட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அம்மா யார் முன்னாலும் அழுவதில்லை. அடுப்படியில் தனியாக அழுகிறாள். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் உடம்பில்தான் இறங்குகிறது. தூக்கம் கெடுகிறது, பசி மந்தமாகிறது. மகளிடம் 'எங்கேயோ ஓடிப்போய்விட்டான்' என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளை தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். குழி தோண்டும்போது அவளும் கூட நின்றாள். அவன் கழுத்துக் கயிற்றை அவளே உள்ளே வைத்தாள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருச்சுழி. ரமணர் 1879-இல் பிறந்த ஊர். திருவண்ணாமலையில் அவர் ஆசிரமத்தில் ஜாக்கி என்ற நாய் நோயுற்றுக் கிடந்தபோது, படுக்கை போட்டுக் கொடுத்துக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். லட்சுமி என்ற பசுவின் சமாதிக்குப் பக்கத்தில் ஜாக்கிக்கும் ஒரு சமாதி இன்றும் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வேப்பமரத்தடியில் அவனைப் புதைத்த இடத்தில் ஒரு முழம் மல்லிகை இருந்தது.

நேற்று சாமி படத்துக்குப் பின்னால் தூசி தட்டும்போது போன சித்திரையின் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன். 38 மாத்திரை மிச்சம் இருந்தது.