மீதி நாட்களுக்கு யார் பணம் கட்டுவது?

புது கம்பெனி ஹெச்.ஆர். "60 நாளில் சேர முடியுமா?" என்று கேட்கிறார். உங்கள் நோட்டீஸோ 90 நாள். பை-அவுட் பற்றிப் பேச இதுதான் நேரம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டபின் கேட்டால் பிடி தளர்ந்துவிடும்.

அதற்குமுன் பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் புரட்டுங்கள். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா? அடிப்படை 40,000, மொத்தம் 90,000 என்றால், 30 நாளுக்கான தொகை இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மேனேஜர் ஒப்புதல் இல்லாமல் பை-அவுட் கிடையாது என்ற வரியும் அங்கே ஒளிந்திருக்கும். அவர் மறுத்தால் பணம் இருந்தும் பயனில்லை.

பிறகு ஹெச்.ஆருக்கு மெயில்: "30 நாள் பை-அவுட் தொகை ரூ.40,000. நிறுவனம் ஏற்குமா? வரி பிடித்தபின் கையில் வருவது எவ்வளவு?" கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் முதலில் கட்டுவது நீங்கள்தான். செட்டில்மென்ட் கணக்கைக் காட்டியபின் சம்பளத்தோடு வரும், வரியும் பிடிபடும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்குச் சுமார் 8,000 குறையும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். போனில் கிடைத்த சம்மதம் போதாது, ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.