சாய்ந்து நின்ற வடக்குக்கோடுகள்

சென்ற கல்வியாண்டில் ஒருநாள் இரவு, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கணக்கின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். கணக்கின் வாசகத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. படம் மட்டும் முழுதாகத் தெரிந்தது. துறைமுகம் A. அங்கிருந்து ஒரு கப்பல் 065° திசையில் 40 கி.மீ. சென்று B என்ற இடத்தை அடைகிறது. அங்கே திரும்பி 140° திசையில் 60 கி.மீ. சென்று C என்ற இடத்தில் நிற்கிறது. A-யிலும் B-யிலும் மேல்நோக்கி அம்புக்குறியிட்ட வடக்குக்கோடுகள் இருந்தன. துறைமுகத்திலிருந்து கப்பல் எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில் நிற்கிறது என்பதே கேள்வி.

இரண்டு பக்கங்கள் தெரியும், இடைப்பட்ட கோணம் தெரிந்தால் கொசைன் சூத்திரம் போதும். 140-லிருந்து 65-ஐக் கழித்தேன், 75 வந்தது. கணக்கைப் போட்டு, தொலைவு 62.9 கி.மீ. என்று பதில் அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் ஒரு வரைபடத்தாளுடன் வந்தாள். "சார், 1 செ.மீ.-க்கு 10 கி.மீ.-னு வச்சு வரைஞ்சு பார்த்தேன். எனக்கு 8 செ.மீ. வருது" என்றாள். அளவுகோலை வைத்து நானும் அளந்தேன். 8 செ.மீ.தான். அவள் வரைந்தது சரி. நான் போட்டது தவறு. அந்தத் தவறு எங்கே நுழைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே தவறைப் பிறகு பல விடைத்தாள்களிலும் பார்த்தேன்.

முதலில் திசைக்கோணம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் நிற்கும் இடத்தில் வடக்கு நோக்கி நின்று, கடிகார முள் சுற்றும் பக்கமாக எவ்வளவு திரும்பினால் செல்ல வேண்டிய திசை வருமோ, அந்த அளவே திசைக்கோணம். கிழக்கு 090°, தெற்கு 180°, மேற்கு 270°. குழப்பம் வராமலிருக்க எப்போதும் மூன்று இலக்கங்களில் எழுதுவார்கள். இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. 065° என்பது A-யில் நின்று அளந்தது. 140° என்பது B-யில் நின்று அளந்தது. இரண்டும் வடக்கிலிருந்து தொடங்குபவை. இரண்டுமே முக்கோணத்தின் உட்கோணங்கள் அல்ல.

அப்படியானால் நான் கழித்துப் பெற்ற 75° எது? அது கப்பல் திரும்பிய கோணம். B-யில் மாலுமி சுக்கானைத் திருப்பாமல் இருந்திருந்தால் கப்பல் நேராகவே போயிருக்கும். அந்த நேர்ப்பாதைக்கும் புதிய பாதைக்கும் இடையே உள்ளதுதான் 75°. அது முக்கோணத்துக்கு வெளியே இருக்கும் கோணம். கொசைன் சூத்திரத்துக்கு வேண்டியது BA, BC ஆகிய இரு பக்கங்களுக்கு நடுவில் உள்ள உட்கோணம். அதாவது B-யில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் திசைக்கும், போகப்போகும் திசைக்கும் இடையே உள்ள கோணம்.

அதைக் கண்டுபிடிக்க நான் இப்போது வகுப்பில் செய்வது எளிய ஒரு வேலை. B-யில் உள்ள வடக்குக்கோட்டை அப்படியே கீழே, தெற்கு நோக்கி நீட்டச் சொல்கிறேன். இரண்டு வடக்குக்கோடுகளும் இணை. AB அவற்றின் குறுக்குவெட்டி. எனவே A-யில் வடக்குக்கும் AB-க்கும் இடையே உள்ள 65°, B-யில் தெற்குக்கும் BA-க்கும் இடையே ஒன்றுவிட்ட கோணமாக அப்படியே வந்து அமர்கிறது. தெற்குக்கோட்டின் மறுபக்கத்தில், தெற்குக்கும் BC-க்கும் இடையே 180 − 140 = 40° இருக்கிறது. இரண்டையும் கூட்டினால்:

∠ABC = 65° + 40° = 105°

திரும்பிய கோணம் 75°, உட்கோணம் 105°. கூடுதல் 180° என்பதையும் மாணவர்கள் கவனிப்பார்கள். ஆனால் 180-லிருந்து கழி என்று விதியாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, தெற்குக்கோட்டை வரையச் செய்வது நல்லது. நடுநிலை வகுப்பில் படித்த இணைகோடுகள் பாடம் எதற்கு என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது. BA, BC இரண்டும் தெற்குக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும் என்பதும் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி கணக்கு:

AC² = 40² + 60² − 2 × 40 × 60 × cos 105°
AC² = 1600 + 3600 + 1242.3 = 6442.3
AC = 80.3 கி.மீ.

105° விரிகோணம் என்பதால் cos 105° குறை எண் (−0.2588). கழித்தல் குறி கூட்டலாக மாறுகிறது. நான் 75° போட்டபோது அதே 1242.3 கழிந்துபோனதால் 62.9 வந்தது.

வரைந்து பார்க்க நேரமில்லாத தேர்வறையில் இந்தத் தவறை எப்படிப் பிடிப்பது? B-யில் உட்கோணம் சரியாக 90° என்றால் தொலைவு √5200, அதாவது ஏறத்தாழ 72.1 கி.மீ. இதை ஓர் எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். கப்பல் 90°-க்கும் குறைவாகத் திரும்பினால் பெரும்பாலும் முன்னோக்கியே போகிறது, விடை 72.1-ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 90°-க்கு மேல் திரும்பினால் வந்த பக்கமாகவே வருகிறது. விடை குறைய வேண்டும். நம் கப்பல் திரும்பியது 75°தான். ஆகவே 62.9 வரவே முடியாது. அந்த இரவு இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அடுத்தது திசை. A-யில் உள்ள உட்கோணத்தை மீண்டும் கொசைன் சூத்திரத்தால் காணலாம்:

cos A = (40² + 6442.3 − 60²) / (2 × 40 × 80.26) = 0.6919
A = 46.2°

இதுவும் உட்கோணம்தான், திசைக்கோணம் அல்ல. இங்கே நிறுத்திவிடும் மாணவர்கள் பலர். AB ஏற்கெனவே வடக்கிலிருந்து 65° தள்ளி இருக்கிறது. AC அதிலிருந்து மேலும் 46.2° தள்ளி இருக்கிறது. எனவே A-யிலிருந்து C-யின் திசைக்கோணம் 65 + 46.2, ஏறத்தாழ 111°. கப்பல் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் 180-ஐக் கூட்டி 291° திசையில் வர வேண்டும்.

கோணம் A-ஐ சைன் சூத்திரத்தால் ஏன் காணக்கூடாது என்று கேட்பார்கள். இந்தக் கணக்கில் காணலாம், இதே விடைதான் வரும். ஆனால் கப்பல் B-யிலிருந்து 140°-க்குப் பதில் 220° திசையில் போனதாக வைத்துக்கொள்வோம். அப்போது B-யில் உட்கோணம் 65 − 40 = 25°, AC = 29.2 கி.மீ. சைன் சூத்திரத்தைப் போட்டால் கணிப்பான் A = 60.4° என்று காட்டும். உண்மையில் A = 119.6°. இரண்டுக்கும் சைன் மதிப்பு ஒன்றே. கணிப்பான் குறுங்கோணத்தை மட்டுமே தரும். 60 கி.மீ. பக்கம்தான் மிக நீளமானது என்பதால் அதற்கு எதிரே உள்ள A-யே மிகப் பெரிய கோணம் என்று யோசித்தால் தவறு பிடிபடும். கொசைன் சூத்திரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. விரிகோணம் என்றால் குறை எண்ணாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

என் தவறின் அளவையும் மாணவர்களுடன் சேர்ந்து கணக்கிட்டோம். 75°-ஐ வைத்துத் தொடர்ந்தால் A = 67.1°, திசை 132°, தொலைவு 62.9 கி.மீ. C-யில் நிற்கும் கப்பலின் இயந்திரம் பழுதாகி, என் விடையை நம்பி ஒரு மீட்புப் படகு புறப்பட்டிருந்தால், அது போய் நிற்கும் இடத்திலிருந்து கப்பல் ஏறத்தாழ 31 கி.மீ. தள்ளி இருக்கும். இதைக் கேட்டதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

இனி அந்தப் புகைப்படத்தைப் பற்றி. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்ததால், இரண்டு வடக்குக்கோடுகளும் சாய்ந்திருந்தன. மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கின. தாள் வெறுமனே சுழன்றிருந்தால் கோணங்கள் மாறுவதில்லை. திரையின் மேல்பக்கம் வடக்கு அல்ல என்பதை நினைவில் வைத்தால் போதும். ஆனால் இணையாக இருக்க வேண்டிய கோடுகள் நெருங்கினால் படமே உருக்குலைந்திருக்கிறது என்று பொருள். அதில் பாகைமானியை வைத்து அளக்கும் எந்தக் கோணத்தையும் நம்பக்கூடாது. எழுதியுள்ள எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய தாளில் வடக்குக்கோடுகளை நேராக வரைந்து தொடங்க வேண்டும்.

எண்ணை எடுக்கும்போது கோண வில் எந்தக் கோட்டில் தொடங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். நம் படத்தில் 140° வில் வடக்குக்கோட்டில் தொடங்கியது. மங்கலான படத்தில் அது BA-யில் தொடங்குவதாகப் படித்துவிட்டால், 140°-யே உட்கோணமாகி விடை 94.2 கி.மீ. என்று வரும். ஐயம் இருந்தால் மாணவரிடம் அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக மீண்டும் எடுத்து அனுப்பச் சொல்வதே சரி.

பாடம் முடிந்த பிறகு அதே மாணவி ஒரு கேள்வி கேட்டாள். "வடக்குக்கோடு எல்லாம் வடதுருவத்துல போய்ச் சேருதே சார், அப்புறம் எப்படி இணைகோடு?" நல்ல கேள்வி. உண்மையில் அவை இணை அல்ல. நம் துறைமுகத்தைச் சென்னை என்று வைத்துக்கொண்டால், C அதற்கு ஏறத்தாழ 75 கி.மீ. கிழக்கே இருக்கிறது. அந்த அட்சரேகையில் அவ்வளவு தொலைவுக்கு இரு வடக்குக்கோடுகளும் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு அளவே ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. நம் பாகைமானியால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான கி.மீ. பயணத்துக்கோ, துருவத்துக்கு அருகில் செல்லும் கப்பலுக்கோ தாளில் வரைந்த முக்கோணம் போதாது. கோளத்தின் மேல் வரைந்த முக்கோணம் வேண்டும். 80 கி.மீ.-க்கு அவள் வரைபடத்தாளே போதும்.