ஊதியச் சீட்டு: வரிக்கு வரி

சம்பளம் என்னும் சொல்லைச் சம்பா நெல்லோடும் அளமாகிய உப்போடும் இணைத்து, அவ்விரண்டும் கூலியாக அளக்கப்பெற்ற காலத்தை நினைவூட்டுவார் உண்டு. நெல்லையும் உப்பையும் பெற்றவன் படியைக் கண்ணால் கண்டான்; அளவு குறைந்தால் அங்கேயே கேட்டான். இன்றைய ஊதியமோ வங்கிக் கணக்கில் ஓர் எண்ணாக வந்து விழுகிறது. அளந்ததைக் காட்டும் படியாக எஞ்சி நிற்பது ஊதியச் சீட்டு ஒன்றே. நம் துறையில் பயின்று தனியார் நிறுவனங்களிற் பணியேற்ற மாணவர் பலர், அச்சீட்டின் கடைசி வரியை மட்டும் நோக்கிவிட்டு மடித்து வைத்துவிடுகின்றனர். நோக்கவேண்டியது முதல் வரியை என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவப் புகுவது.

எடுத்துக்காட்டாக ஒரு சீட்டை வரைந்துகொள்வோம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்கு முன் குறைந்த ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்து, இன்று மாதம் 30,000 ரூபாய் ஈட்டும் ஒருவரின் செப்டம்பர் மாதச் சீட்டு அது. இடப்பக்கம் வரவு: அடிப்படை ஊதியம் 15,000, வீட்டு வாடகைப்படி 7,500, சிறப்புப்படி 7,500, மொத்த ஊதியம் 30,000. வலப்பக்கம் பிடித்தம்: வருங்கால வைப்பு நிதி 1,800; தொழில் வரி 1,250; வருமான வரி இல்லை. கையில் கிடைக்கும் நிகர ஊதியம் 26,950.

இவருடைய பணி ஆணையிலோ ஆண்டுக்கு 3,83,400 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 31,950 வருகிறது. சீட்டிலுள்ள மொத்த ஊதியத்தினும் இது 1,950 மிகுதி. இங்கே ஏமாற்று ஏதும் இல்லை. நிறுவனம் தன் பங்காக வைப்பு நிதிக்குச் செலுத்தும் 1,800 ரூபாயையும், அந்நிதியோடு சேர்ந்த காப்புறுதிக்கும் நிருவாகச் செலவுக்குமாகச் செலுத்தும் 150 ரூபாயையும் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். 'சி.டி.சி.' என வழங்கும் இத்தொகை, ஊழியர் ஒருவரால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. ஊழியரின் வரவு அன்று. பணிக்கொடைக்கென ஒரு பங்கையும் இதிற் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. பணி ஆணையைப் பெறும்போதே, 'இதில் மாத மொத்த ஊதியம் எவ்வளவு?' என்று கேட்டுக்கொள்வது நலம்.

முதல் வரி

'பேசிக்' என்று சீட்டில் அச்சாகும் அடிப்படை ஊதியமே ஏனைய வரிகளுக்கு வேர். அரசுப் பணியிலும் ஆலைகளிலும் இதனோடு அகவிலைப்படி சேரும். அகவிலை என்பது தானிய விலையைக் குறிக்கும் பழஞ்சொல்; ஆலைத் தொழிலாளர் இதனைப் பஞ்சப்படி என்றே வழங்கினர். பொருளை ஒளிவின்றி உரைக்கும் சொல் அது. தனியார் அலுவலகங்களில் அகவிலைப்படி பெரும்பாலும் இல்லை. அவ்விடத்தில் சிறப்புப்படி வந்து அமர்ந்துகொள்கிறது.

வைப்பு நிதிப் பிடித்தம் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு. இதற்குக் கொள்ளவேண்டிய ஊதிய வரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வரம்பிற்கு மேற்பட்ட ஊதியம் பெறுவார்க்கும் 15,000 அளவில் 1,800 மட்டும் பிடிக்கும் நிறுவனங்கள் பல. முழு ஊதியத்திற்கும் பிடிப்பன சில. நிறுவனமும் அதே அளவு தன் பங்கைச் செலுத்த வேண்டும். அப்பங்கு இரண்டாகப் பிரிகிறது. நூற்றுக்கு 8.33 பங்கு, அதாவது நம் எடுத்துக்காட்டில் 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. எஞ்சிய 550 ரூபாய் ஊழியரின் வைப்பு நிதியிற் சேர்கிறது. கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் இளைஞர், 'நான் 1,800 கட்ட, நிறுவனம் 550 தானே கட்டியிருக்கிறது!' என்று வெகுள்வதற்குக் காரணம் இப்பிரிவை அறியாமையே. ஓய்வூதியப் பங்கு அடுத்த கட்டத்தில் தனியே காட்டப்பட்டிருக்கும். 2014 செப்டம்பர் முதல் நாளுக்குப் பின், முதற்பணியிலேயே 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தோடு இத்திட்டத்திற் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை. அவர்களுக்கு நிறுவனப் பங்கு முழுமையும் வைப்பு நிதிக்கே வரும்.

இனி, அதே 30,000 ரூபாயை வேறொரு நிறுவனம் வேறு வகையாகப் பிரிக்கிறது என்று கொள்வோம். அடிப்படை 9,000, வாடகைப்படி 9,000, சிறப்புப்படி 12,000. அடிப்படையை மட்டும் கணக்கிட்டு அந்நிறுவனம் 1,080 ரூபாய் பிடிக்கிறது. தொழில் வரி பிடிக்கப்படாத மாதத்தில் முன்னவர்க்கு 28,200 கிடைக்க, இவர்க்கு 28,920 கிடைக்கிறது. கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் இரண்டாம் நிறுவனமே சிறந்தது என்பார். உண்மை வேறு. மாதந்தோறும் கையில் கூடுதலாக வந்த 720 ரூபாய் அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து வந்தது. அதே வேளையில் நிறுவனமும் தன் பங்கில் 720 ரூபாயைக் குறைத்துக்கொண்டது. ஆண்டுக்கு 8,640 ரூபாய் ஊழியர் அறியாமலே போகிறது.

இழப்பு அவ்வளவில் நிற்பதும் இல்லை. ஓய்வூதியம், கடைசி அறுபது மாதச் சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளாற் பெருக்கி எழுபதால் வகுத்துக் கணிக்கப்படுகிறது. பதினைந்தாண்டுப் பணிக்கு 15,000 என்னும் அளவில் மாதம் 3,214 ரூபாயும், 9,000 என்னும் அளவில் 1,929 ரூபாயும் வரும். ஐம்பத்தெட்டு வயதில் வரப்போகும் அக்குறைவு இருபத்தைந்து வயதிற் பெறும் சீட்டின் முதல் வரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இவ்வாறு பிரித்தல் சட்டத்திற்கு ஏற்றதா எனின், அன்று. எல்லா ஊழியர்க்கும் பொதுவாக, மாதந்தோறும் மாறாது தரப்படும் சிறப்புப்படி போன்றவை வைப்பு நிதிக்கான ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்தது. வீட்டு வாடகைப்படியைச் சட்டமே விலக்கியுள்ளது. கூடுதல் நேர வேலைக்கான தொகையும் அத்தகையதே. அத்தீர்ப்பின்படி இரண்டாம் நிறுவனம் 9,000 ரூபாயோடு 12,000 ரூபாயைக் கூட்டி, 15,000 என்னும் வரம்பளவிற்காவது பிடித்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இத்திசையிலேயே செல்கின்றன. ஊதியம் என்பதிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்படுமானால், மேற்பட்ட தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும் என்பது அவற்றின் விதி.

பிடித்தது சேர்ந்ததா?

சீட்டில் 1,800 என்று அச்சிட்டிருப்பது, அத்தொகை ஊழியரிடமிருந்து பிடிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. நிதியில் சேர்ந்தது என்பதற்குச் சான்று ஆகாது. நம் பழைய மாணவர் ஒருவர், மாதந்தவறாமல் பிடித்தம் காட்டிய சீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். வேறு பணிக்குச் செல்லும்போது கணக்கைப் பார்க்க, பதினொரு மாதத்திற்கு ஒரு காசும் செலுத்தப்பட்டிருக்கவில்லை.

ஒரு மாதப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15 ஆம் நாளுக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். ஊழியர்க்கு 'யூ.ஏ.என்.' எனப்படும் பன்னிரண்டு இலக்க எண் உண்டு. அது சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு வைப்பு நிதி நிறுவன இணையதளத்திலோ 'உமங்' செயலியிலோ கணக்கேட்டைப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதத்திற்கும் எதிரே ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு என மூன்று தொகைகள் இருக்கும். நம் எடுத்துக்காட்டிற்கு அவை 1,800, 550, 1,250. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கப்படுவதால், இடையில் அது காணப்படாமை பற்றிக் கலங்க வேண்டியதில்லை. ஆயின் மாதத் தொகையே இரண்டு மாதங்களாகக் காணப்படவில்லையெனில், முதலில் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். விடை வாராவிடின் வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் தளமாகிய epfigms.gov.in வழியே முறையிடலாம். ஊதியத்திற் பிடித்த பங்கைச் செலுத்தாது வைத்துக்கொள்வது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். அம்முறையீட்டிற்கு வேண்டிய முதல் ஆவணம் ஊதியச் சீட்டே. ஆதலின் அதனை எறிந்துவிடலாகாது.

பணி மாறுகையில் பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது இளைஞரிடையே பெருவழக்காக உள்ளது. அதே எண்ணின்கீழ்ப் புதிய நிறுவனத்திற்கு மாற்றிக்கொண்டால் பணியாண்டுகள் தொடரும். ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுகள் நிரம்ப வேண்டுமாதலின், ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

வரிகள் இரண்டு

தொழில் வரி நம் மாநிலத்தில் உள்ளாட்சி அமைப்புக்குரியது. அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் பெறலாகாது என்பது அரசியலமைப்பு வகுத்த எல்லை. சில நிறுவனங்கள் அரையாண்டுத் தொகையை ஒரே மாதத்தில் பிடிக்கும். சில, மாதந்தோறும் பகுத்துப் பிடிக்கும். செப்டம்பரில் ஊதியம் குறைந்துவிட்டதே என்று வருந்துவோர் இவ்வரியைப் பார்த்தால் போதும்.

வருமான வரியைப் பற்றி ஒன்றை மட்டும் தெளிவுறுத்துவோம். அது அந்த மாதத்து ஊதியத்திற்கு உரிய வரி அன்று. ஆண்டு முழுவதற்கும் மதிப்பிட்ட வரியின் ஒரு பங்கு. 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி, ஊதியம் பெறுவார்க்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக எஞ்சிய வருமானம் 12 லட்சத்திற்கு மேற்படாதாயின் வரி இல்லை. நம் எழுத்தருக்கு அவ்வரி வெறுமையாக இருப்பது அதனால்தான். அவருடைய மேலாளர் மாதம் 1,15,000 பெறுகிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 13,80,000, கழிவு போக 13,05,000. முதல் நான்கு லட்சத்திற்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்திற்கு நூற்றுக்கு ஐந்தாக 20,000. அதற்கடுத்த நான்கிற்குப் பத்தாக 40,000. எஞ்சிய 1,05,000 ரூபாய்க்குப் பதினைந்தாக 15,750. கூட்டினால் 75,750. அதன்மேல் நூற்றுக்கு நான்கு கூடுதல் தீர்வை 3,030 சேர்ந்து 78,780 ஆகிறது. ஏப்ரலிலிருந்து பிடித்தால் மாதம் 6,565. நிறுவனம் அக்டோபரில்தான் பிடிக்கத் தொடங்கிற்றெனில், அதே தொகை ஆறு மாதங்களுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மாதம் 13,130 ஆகிவிடும். ஆண்டு நடுவில் ஊதிய உயர்வோ ஊக்கத்தொகையோ வந்தாலும் கடைசி மாதங்களிற் பிடித்தம் பெருகுவது இக்காரணத்தாலேயே.

பழைய முறையைத் தேர்ந்தவர்க்கு வைப்பு நிதிக்குத் தாம் செலுத்திய பங்கு, உரிய வரம்பிற்குள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வாடகைப்படிக்கும் விலக்கு உண்டு. புதிய முறையில் அவ்விரண்டும் இல்லை. எந்த முறையில் வரி பிடிக்க வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவனம் கேட்கும். விடையளிக்காதவர்க்குப் புதிய முறையையே கொள்வர். இதன்கண்ணும் பிடித்ததும் சேர்ந்ததும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள இடம் உண்டு. நிறுவனம் செலுத்திய வரி, ஊழியரின் நிரந்தரக் கணக்கு எண்ணின் பெயரில் வருமான வரித்துறையின் இணையதளத்தில் காலாண்டுதோறும் பதிவாகிறது. பன்னிரண்டு சீட்டுகளிலும் உள்ள வருமான வரித் தொகைகளைக் கூட்டி, அங்கே காணும் தொகையோடு ஒப்பிட்ட பின்னரே வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்.