பல் வெளுப்பாகத் தெரிய எந்தச் சிவப்பு?

பல்லுக்கு வெள்ளை நிறம் என்று நாம் சொன்னாலும், இயற்கையான பல் பெரும்பாலும் லேசான மஞ்சள்தான். மேலே இருக்கும் எனாமல் கொஞ்சம் ஒளி புகக்கூடியது. அதன் அடியில் இருக்கும் டென்டைன் என்ற பகுதி மஞ்சள். வயது கூடக் கூட எனாமல் தேய்ந்து மெலிவதால் அடியிலுள்ள மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும். இதில் நோயும் இல்லை, அசுத்தமும் இல்லை. ஆனால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது இந்த மஞ்சள் பல பெண்களின் மனதை உறுத்துகிறது. வாயை மூடியே சிரிக்கப் பழகிவிட்டவர்களும் உண்டு. சரியான லிப்ஸ்டிக் அவர்களுக்கு உண்மையிலேயே உதவும்.

‘நீலச் சாயல் கொண்ட சிவப்பைப் போடுங்கள், ஆரஞ்சைத் தவிருங்கள்’ என்று அழகு நிலையங்களில் சொல்வார்கள். அறிவுரை சரிதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் அவ்வளவு சரியில்லை. மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம், ஆகவே பக்கத்தில் நீலம் இருந்தால் மஞ்சள் மங்கிவிடும் என்பார்கள். பாரிஸ் நகரில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரூல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராயப் போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறத்தில்தான் என்று கண்டார். 1839-ல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். அவர் சொன்ன விதிப்படி, ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதன்மேல் தன் எதிர் நிறத்தையே ஏற்றும். அதாவது அசல் நீலத்தை உதட்டில் பூசினால் பல் இன்னும் மஞ்சளாகத்தான் தெரியும்!

பிறகு நீலச் சாயல் சிவப்பு எப்படி வேலை செய்கிறது? செவ்ரூல் சொன்ன இன்னொரு விதியில் பெரும்பாதி விடை இருக்கிறது. கருமைக்குப் பக்கத்தில் வெளுப்பை வைத்தால் வெளுப்பு இன்னும் வெளுக்கும். ஆழமான நிறத்துக்கு நடுவே இருக்கும் பல்லை நம் கண் ‘வெளிச்சமான பொருள்’ என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வெளிறிய ரோஸ் நிறத்தில் எவ்வளவு நீலச் சாயல் இருந்தாலும் பயன் இல்லை. உதடே பல்லின் அளவுக்கு வெளுத்துவிட்டால், ஒப்பிடும்போது பல் மஞ்சளாகிவிடும். பளபளக்கும் வெளிர் ரோஸ் இந்த விஷயத்தில் ஆரஞ்சை விட மோசம் என்பேன்.

மீதிக் காரணம், உதட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். ஈரமான முன்பற்கள் உதட்டின் நிறத்தைச் சிறிது வாங்கித் திருப்பிக் காட்டும். ஆரஞ்சு நிறம் தன்மேல் படும் நீல ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் பல்லுக்கு அனுப்புகிறது. மெஜந்தா கலந்த சிவப்போ கொஞ்சம் நீல ஒளியையும் சேர்த்து அனுப்புகிறது. மஞ்சளான பல்லில் குறைவாக இருப்பது அந்த நீல ஒளிதான். ஆகவே முதலில் நிறத்தின் ஆழத்தைப் பாருங்கள், சாயலை அதற்கு அடுத்ததாகப் பார்க்கலாம்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். குழாய்க்குள் பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் கொஞ்சம் வெள்ளை டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோடு இழுத்து, விரலால் மெல்லியதாகத் தேயுங்கள். கனமாக இருக்கும் இடத்தைப் பார்க்காமல், தேய்ந்து மெலிந்த ஓரத்தைப் பாருங்கள். ஓரம் ரோஜா அல்லது நாவல்பழக் கறை போலத் தெரிந்தால் அது நீலச் சாயல். செங்கல், பப்பாளி நிறத்துக்குப் போனால் மஞ்சள் சாயல். மேக் நிறுவனத்தின் ‘ரூபி வூ’, ‘லேடி டேஞ்சர்’ இரண்டும் பார்த்தவுடன் பளீர் சிவப்புகள்தான். தேய்த்துப் பார்த்தால் முன்னது நீலச் சாயல் என்பதும், பின்னது கோரல் பக்கம் சாய்வதும் தெரிந்துவிடும்.

என் அக்கா மகளுக்கு மாலை நேர வரவேற்பு. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர். புடவைக்குப் பொருத்தமென்று கோரல் ஒன்றும், பாதுகாப்பாக இருக்கட்டுமென்று பிரவுன் நியூட் ஒன்றும், தோழி கொடுத்த பெர்ரி நிறம் ஒன்றும் வைத்திருந்தாள். “சித்தி, எதைப் போட்டாலும் போட்டோல பல்லு மஞ்சளாத்தான் வருது” என்றாள். ஜன்னல் பக்கமாக அவளை உட்காரவைத்து, போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, தாடைக்குக் கீழே ஒரு வெள்ளை டிஷ்யூவைப் பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஷேடையும் பூசி, அதே இடத்தில், அதே தூரத்தில் படம் எடுத்தோம். டிஷ்யூ எதற்கென்றால், உதட்டின் நிறமும் புடவையின் நிறமும் மாறும்போது கேமரா தானாகவே வண்ணத்தை மாற்றிக்கொள்ளும். எல்லாப் படத்திலும் டிஷ்யூ ஒரே வெள்ளையாக இருந்தால்தான் பல்லை ஒப்பிட முடியும்.

கோரலில் பல்லும் உதடும் ஒரே குடும்ப நிறமாக வந்தன. நியூட் அவள் தோலின் நிறத்தோடு கலந்துவிட்டதால், முகத்தில் தனியாகத் தெரிந்தது பல்லின் மஞ்சள் மட்டுமே. பெர்ரியில் பல் தெளிந்தது. ஆனால் அவளுக்கு மேலுதடு கீழுதட்டை விடக் கருமை. நம்மில் பலருக்கும் அப்படித்தான். அதனால் மேலே நிறம் செத்துப்போய் மண் நிறமாகத் தெரிந்தது. உதட்டின்மேல் ஃபவுண்டேஷனை மிக மெல்லியதாகத் தட்டி, அதே நிற லிப் லைனரால் உதடு முழுவதும் நிரப்பி, மேலே பெர்ரியைப் பூசியதும் சரியாகிவிட்டது. மாம்பழ மஞ்சளோடு பொருந்துமா என்ற கவலைக்கு அரக்கு பார்டர் பதில் சொன்னது.

மண்டபத்தில் விஷயம் கொஞ்சம் மாறும். மஞ்சள் பல்புகள் 2,700 முதல் 3,000 கெல்வின் வரை, பகல் வெளிச்சம் 5,500 கெல்வின் அளவில். பல்பின் மஞ்சள் பல்லின் மஞ்சளோடு சேர்ந்துகொண்டால் எந்த லிப்ஸ்டிக்கும் முழுதாக ஈடுகட்டாது. முக்கியமான படங்களை மாலை மங்குவதற்குள் வெளியில் எடுக்கச் சொல்லுங்கள். அல்லது ஒயிட் பேலன்ஸைக் கையால் சரிசெய்யும்படி போட்டோகிராபரிடம் கேளுங்கள். நல்ல போட்டோகிராபர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கிளாஸைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஃபிளாஷ் பட்டால் உதட்டில் வெள்ளைத் திட்டு விழும், ஆழம் குறையும். அது பல்லில் ஒட்டவும் செய்யும், ஒட்டிய நிறம் பல்லை அழுக்காகக் காட்டும். மேட் அல்லது சாட்டின் நல்லது. பூசியபின் சுத்தமான விரலை உதடுகளுக்கு நடுவே வைத்து மெல்ல வெளியே இழுத்தால், உள்பக்கத்து மிச்சம் விரலோடு வந்துவிடும்.

ஒரே சீரான மஞ்சளுக்குத்தான் இத்தனையும் பொருந்தும். தருமபுரி போல நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் இருக்கலாம். ஆழமான உதட்டு நிறம் அந்தத் திட்டுகளை இன்னும் எடுத்துக்காட்டிவிடும். அவர்களுக்கு நடுத்தர ரோஜா நிறமே மேல். கறுப்புக்கு நெருங்கிய பிளம் நிறம் யாருக்குமே வேண்டாம், அது மொத்தப் பார்வையையும் வாயின்மேல் கொண்டுவந்து நிறுத்தும்.

ஒரே ஒரு லிப்ஸ்டிக்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், தேய்த்தால் ரோஜா ஓரம் காட்டும், உங்கள் உதட்டின் இயல்பு நிறத்தை விட ஓரிரு படி ஆழமான, மேட் அல்லது சாட்டின் சிவப்பை வாங்குங்கள்.