உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்காக நடத்தப்படும் வெபினார்களுக்கு இன்று குறைவே இல்லை. வரி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, வேலை மாற்றம் என்று ஏதாவது ஒரு தலைப்பில் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு போஸ்டர் வரும். அதன் கீழே நாலைந்து வரியில் ஒரு கேப்ஷன் இருக்கும். நடத்துபவர்கள் போஸ்டரின் நிறத்துக்கும் பேச்சாளரின் படத்துக்கும் நிறையவே மெனக்கெடுகிறார்கள். அந்த நாலைந்து வரிக்குள் நேரத்தைச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் கடைசியில் அவசரமாகத் தட்டிப் போடுகிறார்கள். வேலைக்குப் போகிற மனிதர் வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் முடிவாகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஊரில் வீட்டு வாடகையோ வங்கி வட்டியோ வருகிற வெளிநாடுவாழ் இந்தியர்களுக்காக, அதற்குள் செய்ய வேண்டியவற்றைப் பற்றி, சென்னை ஆடிட்டர் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள் 2026 மார்ச் 14, சனிக்கிழமை. வழக்கமான கேப்ஷன் இப்படி இருக்கும்:

> வெளிநாடுவாழ் இந்தியர்களே! வரியைப் பற்றிய கவலையா? மாபெரும் இலவச வெபினார்! 14/3 சனி 7.30 ஐ.எஸ்.டி. அனைவரும் வாரீர்!

சென்னையில் இருப்பவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. டொராண்டோவில் இருப்பவர் கணக்குப் போட்டாக வேண்டும். நவம்பர் முதல் குளிர்காலம் முழுக்க, இந்தியா தனக்குப் பத்தரை மணி நேரம் முன்னால் இருப்பது அவருக்கு மனப்பாடம். இரவு 7:30 என்றால் தனக்குக் காலை 9 மணி என்று முடிவுசெய்து உட்காருவார். ஆனால் அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான பகுதிகள் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக் கோடைகால நேரத்துக்கு மாறிவிடுகின்றன. 2026இல் அது மார்ச் 8. ஆகவே 14ஆம் தேதி இடைவெளி ஒன்பதரை மணி நேரம்தான். வெபினார் தொடங்குவது காலை 10 மணிக்கு. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, வெற்றுத் திரையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ரத்தாகிவிட்டது போலும் என்று அவர் எழுந்து போய்விடுவார். நவம்பரில் இந்தத் தவறு மறுபக்கம் திரும்பும். கோடைக் கணக்கையே நம்பியிருப்பவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

லண்டனின் கதை வேறு. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றுதான் கடிகாரத்தை மாற்றுகின்றன. 2026இல் அது மார்ச் 29. எனவே மார்ச் 8 முதல் 29 வரை மூன்று வாரம் அமெரிக்கா மாறியிருக்கும், ஐரோப்பா மாறியிருக்காது. அந்த இடைவெளிக்குள் வரும் எந்த நிகழ்ச்சிக்கும் போன மாதக் கேப்ஷனை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் தவறு நிச்சயம். நிதியாண்டு முடிவை ஒட்டி வரும் வரி வெபினார்கள் பெரும்பாலும் இந்த மூன்று வாரத்தில்தான் விழுகின்றன.

இந்தச் சிக்கலுக்கு மேல் எழுத்துச் சுருக்கங்களின் தொல்லை இருக்கிறது. ஐ.எஸ்.டி. என்பது நமக்கு இந்திய நேரம். இஸ்ரேலும் அதே மூன்றெழுத்தைத் தன் நேரத்துக்குப் பயன்படுத்துகிறது, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதுவே பெயர். டப்ளினில் வேலை பார்ப்பவர் எந்த ஐ.எஸ்.டி. என்று கேட்டால் அவர்மீது குற்றமில்லை. சி.எஸ்.டி. என்றால் சிகாகோவுக்கு ஒரு பொருள், ஷாங்காய்க்கு வேறு பொருள். நியூயார்க் நேரத்தை ஆண்டு முழுதும் ஈ.எஸ்.டி. என்று எழுதும் பழக்கமும் பரவலாக உண்டு. அது குளிர்காலத்துக்கு மட்டுமே உரிய பெயர். ‘ஈ.எஸ்.டி. காலை 10’ என்று மார்ச் 14க்கு எழுதி, ஒருவர் அதை நேரம் மாற்றும் கருவியில் அப்படியே இட்டால், சென்னைக்கு இரவு 8:30 என்று காட்டும். கருவி சரியாகத்தான் சொல்கிறது, எழுதியதுதான் தவறு.

இதற்குத் தீர்வு எளிது. மண்டலத்தின் பெயரை விட்டுவிட்டு ஊரின் பெயரை எழுதுங்கள். டொராண்டோ காலை 10:00, லண்டன் பிற்பகல் 2:00 என்று எழுதினால் கோடை நேரமா குளிர்கால நேரமா என்ற கேள்வியே எழாது. படிப்பவர் தன் ஊரைத் தேடுவார், பக்கத்தில் இருப்பதைப் படிப்பார். எல்லா ஊரையும் எழுத வேண்டியதில்லை. உங்கள் பதிவுப் பட்டியலில் அதிகம் பேர் எங்கே இருக்கிறார்களோ அந்த ஆறேழு ஊர் போதும். மற்றவர்களுக்காக, கடைசியில் உலகப் பொது நேரமான யு.டி.சி.யை ஒருமுறை குறிப்பிட்டால் கணக்கு அதிலிருந்து பிசகாமல் போகும். சென்னை இரவு 7:30 என்பது யு.டி.சி. 14:00.

ஊர்களை வரிசையாக எழுதிப் பார்க்கும்போதுதான் இன்னொரு உண்மை தெரியவரும். அதே நேரம் கலிபோர்னியாவில் காலை 7 மணி, சிங்கப்பூரில் இரவு 10 மணி, மெல்போர்னில் பின்னிரவு 1 மணி. மெல்போர்னில் தேதியும் மாறிவிடுகிறது. இங்கே நம் வழக்கு ஒன்று குறுக்கே வரும். விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் வழக்கம்; பின்னிரவு ஒரு மணியையும் ‘சனிக்கிழமை ராத்திரி’ என்றே சொல்வோம். கைப்பேசியின் காலண்டருக்கோ அது ஞாயிற்றுக்கிழமை. ‘சனிக்கிழமை இரவு 1 மணி’ என்று எழுதினால் சிலர் வெள்ளி நள்ளிரவு தாண்டியே காத்திருப்பார்கள். நள்ளிரவைத் தாண்டும் ஊருக்குக் கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘நள்ளிரவு 12’ என்ற நேரத்தை அடியோடு தவிர்ப்பது நல்லது. அது எந்த நாளின் 12 என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினால் குழப்பம் தீர்ந்தது.

அலுவலகம் போகிறவரைப் பின்னிரவு ஒரு மணிக்கு உட்கார வைப்பது முறையும் இல்லை. கலிபோர்னியாவுக்கும் மெல்போர்னுக்கும் சேர்ந்து பொருந்தும் நேரம் சில உண்டு. அவற்றில் சென்னையோ லண்டனோ தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு அமர்வு வைப்பதே நேர்மையான வழி. இரண்டாவதை ஞாயிறு சென்னை காலை 11 மணிக்கு வைத்தால் சிங்கப்பூருக்குப் பிற்பகல் 1:30, மெல்போர்னுக்கு மாலை 4:30.

வளைகுடா நாடுகளுக்கு நேரத்தோடு நாளையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை அமர்வு தொடங்கும்போது துபாயில் மாலை 6 மணி. 2026 மார்ச் 14 ரமலான் மாதத்தில் வருகிறது. அங்கே நோன்பு திறக்கும் நேரம் ஆறரை மணியை ஒட்டி வரும். அப்போது பாடம் நடத்தினால் நோன்பிருப்பவர்கள் வர இயலாது. துபாயை ஞாயிறு காலை 9:30க்கு மாற்றலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. சவூதியில் விடுமுறை வெள்ளியும் சனியும். ரியாத்தில் இருப்பவருக்கு அந்த ஞாயிறு காலை அலுவலக நேரம். அவருக்கு இரண்டு அமர்வும் ஒத்துவராது போகலாம் என்பதால், ஒளிப்பதிவு கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பதைக் கேப்ஷனிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

> வேலை வெளிநாட்டில். வாடகையும் வட்டியும் இந்தியாவிலிருந்து. மார்ச் 31க்குள் வரி விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?
>
> தமிழில் 45 நிமிடப் பேச்சு, 15 நிமிடக் கேள்வி நேரம். கட்டணம் இல்லை.
>
> அமர்வு 1: 2026 மார்ச் 14, சனிக்கிழமை
> கலிபோர்னியா காலை 7:00 | டொராண்டோ, நியூயார்க் காலை 10:00 | லண்டன் பிற்பகல் 2:00 | ஃபிராங்க்ஃபர்ட் பிற்பகல் 3:00 | சென்னை இரவு 7:30 (யு.டி.சி. 14:00)
>
> அமர்வு 2: 2026 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை
> துபாய் காலை 9:30 | சென்னை காலை 11:00 | சிங்கப்பூர், கோலாலம்பூர் பிற்பகல் 1:30 | மெல்போர்ன் மாலை 4:30 (யு.டி.சி. 5:30)
>
> இரண்டிலும் ஒரே பாடம்; ஒன்றுக்கு வந்தால் போதும். வர முடியாதவர்களும் பெயர் பதியலாம்: ஒளிப்பதிவு திங்கட்கிழமை மின்னஞ்சலில் வரும்.

முதல் வரியில் அழைப்பும் ஆச்சரியக்குறியும் போய், யாருக்கான நிகழ்ச்சி என்பது வந்துவிட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்டுஇன் எல்லாமே நீளமான பதிவின் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மற்றதை மடித்துவிடும் என்பதால், தனக்கானது என்று படிப்பவர் அறிந்துகொள்வது அந்த முதல் வரியில் நடந்தாக வேண்டும். மாதத்தை எழுத்தில் எழுதியதற்கும் காரணம் உண்டு. 3/4 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ஆண்டையும் சேர்ப்பது, அடுத்த வருடம் யாராவது பழைய செய்தியை ஃபார்வர்டு செய்யும்போது காப்பாற்றும். அதே காரணத்தால் ‘நாளை’, ‘இன்று மாலை’ ஆகிய சொற்களுக்கும் இங்கே இடமில்லை.

நேரங்களைப் போஸ்டர் படத்துக்குள் எழுதாமல் கேப்ஷனில் எழுதுவது முக்கியம். படத்தில் இருப்பதை நகலெடுத்துக் காலண்டரில் ஒட்டுவது எல்லோருக்கும் எளிதல்ல. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் செயலியும் அதைச் சரியாக வாசிப்பதில்லை. தவறு தெரிந்தால் திருத்துவதும் கடினம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் அதற்குள் மற்றவர்கள் ஃபார்வர்டு செய்த பிரதிகள் மாறாது. எனவே சரியான நேரம் எப்போதும் நிற்க வேண்டிய இடம் பதிவுப் பக்கம். கேப்ஷனிலிருந்து அங்கே ஓர் இணைப்பு இருக்கட்டும். பதிவு செய்தவுடன் காலண்டர் அழைப்பு ஒன்றும் போகட்டும். அதில் நேர மண்டலத்தை `Asia/Kolkata` என்று தேர்ந்தெடுத்திருந்தால், பெறுபவரின் கைப்பேசி தன் ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக் காட்டும்.

அனுப்புவதற்கு முன் சரிபார்க்கவும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தக் காலண்டர் நிகழ்வை உங்கள் கைப்பேசியில் சேமியுங்கள். பிறகு கைப்பேசியின் நேர மண்டல அமைப்பை ஒவ்வோர் ஊராக மாற்றி, அது காட்டும் கிழமையையும் நேரத்தையும் கேப்ஷனோடு ஒப்பிடுங்கள். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். சோதனையை இன்றைய கடிகார வித்தியாசத்தை வைத்துச் செய்யக் கூடாது. நிகழ்ச்சி நாளை வைத்தே செய்ய வேண்டும். பிப்ரவரியில் உட்கார்ந்து மார்ச் 14க்குக் கணக்குப் போடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இதே வெபினாரை ஆண்டுக் கடைசியில் மறுபடி நடத்துபவர்கள் 2026 அக்டோபர் 25ஐயும் நவம்பர் 1ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் ஐரோப்பா கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டாவதில் அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான பகுதிகள். மெல்போர்ன் அதற்கு முன்பே, அக்டோபர் 4இல், முன்னுக்கு நகர்ந்திருக்கும். இந்தியா, சிங்கப்பூர், துபாய் ஆகியவை மாறுவதேயில்லை. இந்த மூன்று தேதிகளை ஒருவர் மட்டும், அதாவது அழைப்பவர் மட்டும், நினைவில் வைத்திருந்தால் போதும். வருகிற நூறு பேரும் கணக்குப் போடாமல் நேரத்துக்கு வந்து சேர்வார்கள்.