எடுக்காத சரக்குக்கும் பணம்

2015-இல் பெட்ரோநெட் எல்.என்.ஜி. என்ற இந்திய நிறுவனத்தின் தலைமேல் சுமார் 12,000 கோடி ரூபாய் பொறுப்பு வந்து நின்றது. கத்தாரிடம் வாங்கிய எரிவாயுவுக்கான பாக்கி அல்ல அது. வாங்காமல் விட்டதற்கான தொகை.

கத்தாரின் ராஸ்காஸ் நிறுவனத்துடன் 1999-இல் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அப்போது ஆண்டுக்கு 75 லட்சம் டன் திரவ எரிவாயுவை எடுக்க வேண்டும். விலை கச்சா எண்ணெயின் பல ஆண்டுச் சராசரியோடு கட்டப்பட்டிருந்தது. 2014 பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்தபோது சந்தையில் எரிவாயு ஏழு டாலர் அளவுக்கு இறங்கியது. ஆனால் பழைய உச்ச விலைகளைச் சுமந்த சராசரி சட்டென்று இறங்கவில்லை. ஒப்பந்த விலை பன்னிரண்டு டாலரை ஒட்டியே நின்றது. பெட்ரோநெட்டின் வாடிக்கையாளர்கள் சந்தைச் சரக்குக்குத் தாவ, கொள்முதல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

'எடு, இல்லையேல் பணம் கொடு' என்ற பிரிவு கடிப்பது இங்கேதான். ஆண்டு அளவு 100 டன், குறைந்தபட்சம் 90 என்று வைத்துக்கொள்வோம். 70 மட்டும் எடுத்தால், எடுக்காத 20 டன்னுக்கும் பணம் கட்ட வேண்டும். விற்பவர் கடன் வாங்கி ஆலை கட்டியவர். நிச்சய வருமானம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலைச் சூத்திரம் சந்தையைப் பின்தொடராவிட்டால், சரக்கு விற்காத ஆண்டில்தான் வாங்குபவர் சந்தையைவிடக் கூடுதலாகக் கட்டுவார். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும்.

பணம் கட்டிய 20 டன்னைப் பின்னால் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் உண்டு. அதை நம்பி ஏமாறக் கூடாது. பல ஒப்பந்தங்களில், அந்தந்த ஆண்டின் குறைந்தபட்சத்தை முடித்த பிறகே பழைய பாக்கியைத் தொடலாம்; அதற்கும் காலக்கெடு இருக்கும். தேவையே குறைந்துவிட்டவருக்கு அந்த உரிமையால் பயன் என்ன?

விலை சரிந்தது தற்செயல் இடர் என்று வாதிட்டும் தப்ப முடியாது. இறக்குமதி நிலக்கரி விலை ஏறிய வழக்கில், விலை மாற்றம் மட்டும் அந்தப் பாதுகாப்பைத் தராது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

பெட்ரோநெட் தப்பியது பேச்சுவார்த்தையால். 2015 டிசம்பர் 31 அன்று விலைச் சூத்திரம் அண்மை மூன்று மாத எண்ணெய் விலைக்கு மாறியது; விலை பாதியளவு குறைந்தது. விட்டுப்போன சரக்கைப் பின்னர் எடுத்தால் தொகை தள்ளுபடி. பதிலுக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 10 லட்சம் டன் வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. சிறிய தொழிற்சாலைக்கு இப்படி மறுபேரம் பேசும் பலம் இருக்காது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே, மோசமான ஆண்டில் உறுதியாக விற்கும் அளவையே குறைந்தபட்சமாக ஏற்றுக்கொள்ளுங்கள். விலை மறுபரிசீலனைப் பிரிவையும் கேட்டு வாங்குங்கள்.